95% என்று கணக்குப் போட்டும் சரக்கு முடிகிறது

திருகோணமலையில் பிஸ்கட் விநியோகம். சரக்கு கொழும்பிலிருந்து லொறியில் வருகிறது. ஒரு பிஸ்கட் வகைக்கு மட்டும் பாதுகாப்பு இருப்பு சரிவரவில்லை.

நாளொன்றுக்குச் சராசரி 40 பெட்டி போகும், நியம விலகல் 12. கடந்த ஒரு வருடத்தில் 24 ஓடர். சரக்கு வரச் சராசரி 6 நாள், விலகல் 1.73. 95% ஓடர்களில் தட்டு காலியாகாதபடி வழமையான சூத்திரம்தான் போட்டோம்:

```
=NORM.S.INV(0.95)*SQRT(6*12^2+40^2*1.73^2)
```

124 பெட்டி வந்தது. 6 நாள் விற்பனை 240ஐயும் சேர்த்து, இருப்பு 364க்கு இறங்கியதும் ஓடர் போடுகிறோம். அப்படியிருந்தும் 24இல் 3 தடவை தட்டு காலி.

சரக்கு இல்லாத நாட்களின் பூச்சிய விற்பனையைச் சராசரியிலிருந்து நீக்கியாயிற்று. வழியில் இருக்கும் சரக்கை இரட்டிப்பாக எண்ணவுமில்லை.

பிறகு ஓடர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால், 18 ஓடர் 5 நாளில் வந்திருக்கின்றன. 6 ஓடர் 9 நாள். லொறி நிரம்பாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த "சராசரி 6 நாள்" ஒருமுறைகூட நடந்ததில்லை! மூன்று தட்டுப்பாடும் 9 நாள் ஓடரில்தான். 9 நாளுக்கு 360 பெட்டி வேண்டும், விலகல் 36. ஆக 364 ஏறக்குறைய பாதித் தடவை போதாது. கால்வாசி ஓடர் அப்படியென்றால் மொத்தத்தில் கிடைப்பது 89% அளவுதான்.

9 நாள் ஓடரில் 80% தாக்குப்பிடித்தால் மொத்தம் 95% வரும். அதற்கு 390 பெட்டி. ஓடர் போடும்போது எது தாமதமாகும் என்று தெரியாது.

சூத்திரத்தை விட்டுவிட்டு, இப்படி இரண்டு குவியலாகப் பிரித்து 390ஐ வைப்பதற்கு 24 ஓடர் தரவு போதுமா?