ட்ரிகருக்குப் பின்னால் மேகசின்: புல்பப் துப்பாக்கி இடதுகைக்காரருக்கு ஆகுமா?

குடந்தை_கேடட்
அண்ணன் சிஆர்பிஎஃப்பில் இருக்கிறான். லீவில் வந்தபோது டேவோர் துப்பாக்கியோடு எடுத்த போட்டோவைக் காட்டினான். மேகசின் ட்ரிகருக்குப் பின்னால், கிட்டத்தட்ட அக்குளுக்கு அடியில் இருக்கிறது. இந்த அமைப்பைத்தான் புல்பப் என்கிறார்களாம். ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? நான் இடதுகைக்காரி. என்சிசியில் பாயின்ட் டூ டூ சுடும்போதே போல்ட் வலப்பக்கம் இருப்பதால் தடுமாறுகிறேன். இது என் மாதிரி ஆளுக்கு ஆகுமா?

மன்னை_மெக்கானிக்
நீளத்தைக் குறைக்கத்தான் தங்கச்சி, வேறு ஒன்றும் இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்து இறங்க, வீட்டுக்குள் நுழைந்து திரும்ப வசதி. குழலை வெட்டினால் குண்டின் வேகம் போய்விடும். அதனால் குழலை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைச் சுருக்கினார்கள். இனி எல்லா ராணுவமும் இதற்குத்தான் போகும். நம்ம திருச்சியிலேயே டார் என்று ஒன்று செய்கிறார்களே, அதுவும் இதே வகைதான்.

ஒரத்தநாட்டு_ஹவில்தார்
முதல் பாதி சரி தம்பி. திருச்சி டார் வேறு, டேவோர் டார்-21 வேறு. திருச்சியில் செய்வது ஏகே வழியில் வந்தது, மேகசின் முன்னால்தான் இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆர்மரராக இருந்தவன் என்பதால் அளவை வைத்தே சொல்கிறேன். நம்ம ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளில் குழல் 464 மில்லிமீட்டர், துப்பாக்கியின் மொத்த நீளம் 960. அதாவது குழல் போக ஏறக்குறைய அரை மீட்டர் மிச்சம். டேவோரில் குழல் 460, மொத்தம் 720. குழல் போக மிச்சம் 260தான். குழல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் அந்த 240 மில்லிமீட்டர் எங்கே போனது?

இன்சாஸில் குழலுக்குப் பின்னால் இரண்டு பகுதிகள் வரிசையாக நிற்கின்றன. முதலில் போல்ட் முன்னும் பின்னும் ஓடும் ரிசீவர். அதற்குப் பின்னால் தோளில் வைக்கும் பட். ட்ரிகரிலிருந்து பட்டின் முனைவரை ஒரு முழங்கை நீளம் வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டுக்குள் துப்பாக்கி வேலை எதுவும் நடப்பதில்லை. புல்பப்பில் போல்ட் ஓடும் இடத்தைப் பட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மேகசின் போல்ட்டுக்கு அடியில் இருந்தாக வேண்டும், அதனால் அதுவும் கூடவே பின்னால் போய்விட்டது. ட்ரிகர் மட்டும் முன்னால் தங்கிவிட்டது. அதையும் பின்னால் உள்ள ஹேமரையும் ஒரு நீளக் கம்பி இணைக்கிறது. புல்பப்பில் ட்ரிகர் அழுத்தம் கொஞ்சம் மந்தமாக, இழுவையாக இருக்கிறது என்று சுடுகிறவர்கள் சொல்வதற்கு அந்தக் கம்பிதான் காரணம்.

வலங்கை_டிசைன்
ஹவில்தார் ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கிலேயே குறையும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பட் காலி இடமாக இருந்தால் அதை மடக்கலாம், நீட்டிக் குறைக்கலாம். குட்டையான ஆளுக்குக் குறைத்துக்கொள்ளலாம், குண்டு துளைக்காத கவசம் போட்டவருக்கும் குறைக்கலாம். புல்பப்பில் அது முடியாது. 5.56 தோட்டாவின் நீளமே 57 மில்லிமீட்டர். சுட்ட தோட்டாவின் காலிக் கூடான கேஸை வெளியே தள்ளி அடுத்ததை எடுக்க, போல்ட் அதைவிடக் கூடுதலாகப் பின்வாங்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு இடம் கொடுத்த பிறகு பட்டைக் குறைக்க எங்கே வழி? ஐந்தடி உயரம் உள்ள கேடட் பிடித்தால் கை நீண்டுபோய் நிற்கும்.

புல்பப் வந்தபோது, மேகசின் முன்னால் உள்ள நேர்வகைத் துப்பாக்கிகள் ஒரு மீட்டர் நீளம் இருந்தன. எம்16ஏ2வின் குழல் 508, மொத்தம் 1006. அந்தக் காலத்தில் ஆஸ்திரியாவின் ஆக் என்ற புல்பப் அதே 508 குழலை வைத்துக்கொண்டு 790இல் நின்றது பெரிய விஷயம்தான். இன்று எம்4 மாதிரி 368 மில்லிமீட்டர் குழலோடு எல்லோரும் சமாளிக்கிறார்கள். குண்டின் வேகம் நொடிக்கு ஐம்பது, அறுபது மீட்டர் குறையும். பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பிரான்ஸ் தன் புல்பப்பான ஃபாமாஸை விட்டது, சீனா 2019 அணிவகுப்பில் நேர்வகை க்யூபிஇசட்-191ஐக் காட்டியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியவில்லையா?

நாகை_ஏர்கன்
இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது? நான் புல்பப் பிசிபி ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். இடது தோளிலும் வைப்பேன், வலது தோளிலும் வைப்பேன், எந்தத் தொந்தரவும் இல்லை. எடை எல்லாம் தோளோடு ஒட்டிக்கொள்வதால் தூக்கிக்கொண்டு நடந்தாலும் கை வலிக்காது. தங்கச்சி தாராளமாக வாங்கலாம்.

ஒரத்தநாட்டு_ஹவில்தார்
தம்பி, அவர் வாங்கக் கேட்கவில்லை. உங்கள் ஏர் ரைஃபிளில் கேஸே கிடையாது. பெல்லட் குழல் வழியாக முன்னால் போகிறது, வெளியே எறிய ஒன்றும் இல்லை. இடது தோளின் சிக்கல் முழுக்க அந்தக் கேஸில்தான் இருக்கிறது.

ரேஞ்சில் சுட்டு முடித்ததும் காலி கேஸை, அதாவது கோகாவைப் பொறுக்கி எண்ணி ஒப்படைப்போமே, அது எங்கே விழுந்து கிடக்கிறது என்று அடுத்த தடவை பாருங்கள். இன்சாஸில் வலப்பக்கம் சற்றுத் தள்ளி விழும். இடது தோளில் வைத்துச் சுட்டாலும் கேஸ் வெளியேறும் ஓட்டை முகத்துக்கு முன்னால் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடலாம். எம்16இல் கேஸ் பின்பக்கமாகத் தெறித்து இடதுகைக்காரர் முகத்தில் பட்டது. அதனால் ஏ2 வகையில் ஓட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு வைத்தார்கள்.

புல்பப்பில் அந்த ஓட்டை கன்னத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. வலது தோளில் வைத்தால் ஓட்டை முகத்துக்கு வெளிப்புறம் இருக்கும், கவலை இல்லை. அதே துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினால் ஓட்டைமேல் முகத்தை வைத்த மாதிரி. சூடான பித்தளை நேராகக் கன்னத்தில் அடிக்கும். பிரிட்டிஷ்காரர்களின் எஸ்ஏ80இல் இன்னும் மோசம். காக்கிங் ஹேண்டிலும் வலப்பக்கத்தில் போல்ட்டோடு சேர்ந்து ஓடும், அதுவும் முகத்தில் இடிக்கும். அங்கே இடதுகைக்காரர்களையும் வலது தோளில் வைத்துத்தான் சுடப் பழக்குகிறார்கள்.

குடந்தை_கேடட்
அப்போ டேவோரும் அப்படித்தானா? இடதுகைக்காரர் என்றால் வலப்பக்கம் பழகியே ஆக வேண்டுமா?

ஒரத்தநாட்டு_ஹவில்தார்
இல்லை, டேவோரை மாற்றி அமைக்கலாம். இடப்பக்கம் எறியும் போல்ட் தனியாக இருக்கிறது. அதைப் போட்டு ஓட்டையின் மூடியையும் பக்கம் மாற்றினால் இடதுகைத் துப்பாக்கி ஆகிவிடும். ஆக்கிலும் இதே முறைதான். ஃபாமாஸில் கேஸைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் கன்னத்தாங்கியையும் இடம் மாற்றினால் போதும். ஆனால் இதெல்லாம் ஆர்மரர் மேஜையில் ஒருமுறை செய்யும் வேலை. அப்படி மாற்றிய துப்பாக்கியை அடுத்தவர் வாங்கி வலது தோளில் வைத்தால் அடி அவருக்கு.

வலங்கை_டிசைன்
அதுதான் என் பாயின்ட். ஆள் வலதுகையா இடதுகையா என்பதோடு பிரச்சினை முடியவில்லை. சுவரின் இடது ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும் என்றால் வலதுகைக்காரரும் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பாதி உடம்பு வெளியே தெரியும். எந்தச் சந்தில் நுழைய வசதி என்று புல்பப்பைக் கொண்டுவந்தார்களோ, அதே சந்தில்தான் இந்தத் தோள் மாற்றமும் தேவைப்படுகிறது.

மன்னை_மெக்கானிக்
அதற்குத்தான் முன்னால் எறியும் புல்பப் வந்துவிட்டதே. பெல்ஜியத்தின் எஃப்2000. கேஸ் பக்கவாட்டில் போவதே இல்லை.

ஒரத்தநாட்டு_ஹவில்தார்
நல்ல உதாரணம். அதில் காலி கேஸைக் குழலுக்கு மேலே ஓடும் ஒரு நீளக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறார்கள். முதல் சில கேஸ் குழாய்க்குள்ளேயே தங்கும், பின்னால் வருபவை தள்ளத் தள்ள முன்முனை வழியாக விழும். எந்தத் தோளில் வைத்தாலும் முகத்துக்கு ஆபத்து இல்லை. ஆனால் உள்ளே ஏதாவது சிக்கினால்தான் தெரியும் கஷ்டம். இன்சாஸில் பக்கத்து ஓட்டை வழியாகப் பார்த்தாலே கேஸ் மாட்டியிருக்கிறதா, புதுத் தோட்டா மடங்கியிருக்கிறதா என்று தெரியும், விரலை விட்டு எடுத்துவிடலாம். அங்கே மேல்மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும். இன்னொரு வழி, கெல்-டெக் ஆர்டிபி மாதிரி மேகசினுக்குப் பின்னால் கீழ்நோக்கி விடுவது. அதற்குப் போல்ட் மேகசினைத் தாண்டியும் பின்னால் போக வேண்டும், ஓட்டம் நீளும்.

பிரான்ஸ் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபாமாஸ் போனதற்கு வடிவத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அதைச் செய்த செயின்ட் எட்டியன் தொழிற்சாலை மூடியாகிவிட்டது, அதற்கு இரும்புக் கேஸ் தோட்டா தனியாக வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியா இன்றும் ஆக் வழி வந்த இஎஃப்88ஐத்தான் வைத்திருக்கிறது.

நாகை_ஏர்கன்
கேஸ் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். எடை தோளோடு ஒட்டி நிற்பது நல்லதுதானே? அதை யாரும் மறுக்கவில்லையே.

வலங்கை_டிசைன்
நான் மறுக்கிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும் கையை நீட்டிப் பிடித்து நடப்பதும் ஒன்றல்ல, அது உண்மை. சுமப்பதற்கு, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு கதவைத் திறப்பதற்குப் புல்பப் சுகம். நின்றபடி குறி வைக்கும்போது கதை வேறு. முன்பக்கம் கொஞ்சம் எடை இருந்தால் குழல் முனை எளிதில் அலையாது. முன்னால் எடை இல்லாத துப்பாக்கி மூச்சுக்கெல்லாம் ஆடும். சுடும்போது முனை எகிறவும் செய்யும்.

ஒரத்தநாட்டு_ஹவில்தார்
ஆடும் என்பது சரி. எகிறும் என்பதை அப்படியே ஏற்க முடியாது. புல்பப்பில் குழல் நேராகத் தோளுக்கு வந்து முட்டுகிறது. உதை தோளுக்கு மேலே தள்ளிப் போகாமல் நேராக இறங்குவதால் முனையைத் தூக்கும் விசை குறைவு. முன்னெடை குறைந்ததால் கூடுவது ஒரு பக்கம், நேர்கோட்டால் குறைவது ஒரு பக்கம். எது ஜெயிக்கும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். முப்பது தோட்டா நிரப்பிய மேகசின் ஏறக்குறைய அரைக் கிலோ. இன்சாஸில் அது பிடிக்கு முன்னால், டேவோரில் பிடிக்குப் பின்னால். சுடச் சுட இன்சாஸின் முனை லேசாகும், டேவோரின் எடை மெல்ல முன்னால் நகரும். கடைசித் தோட்டாக்களில் கைக்குத் தெரியும்.

மன்னை_மெக்கானிக்
அதெல்லாம் ரெண்டு நாள் பழகினால் சரியாகிவிடும் அண்ணே.

வலங்கை_டிசைன்
குப்புறப் படுத்துக்கொண்டு, அக்குளுக்கு அடியில் உள்ள மேகசினைப் பார்க்காமல் மாற்றிவிட்டு அப்புறம் பேசுங்கள் தம்பி.

குடந்தை_கேடட்
அண்ணனிடம் போனில் கேட்டேன். அவன் யூனிட்டில் எல்லாமே வலப்பக்கம் எறிகிறதாம். இடதுகைக்காரர் ஒருவர் இருக்கிறாராம், அவரும் வலது தோளில்தான் சுடுகிறாராம்.

ஒரத்தநாட்டு_ஹவில்தார்
கையை விட, எந்தக் கண் முந்துகிறது என்று முதலில் பார் பாப்பா. இரண்டு கண்ணையும் திறந்து தூரத்தில் உள்ள கோபுரக் கலசத்தை விரலால் மறை. பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடு. எந்தக் கண்ணை மூடும்போது விரல் கலசத்தை விட்டு விலகுகிறதோ, அதுதான் உன் குறி பார்க்கும் கண். வலது கண் என்றால் பாயின்ட் டூ டூவையே வலது தோளில் பழகிக்கொள், போல்ட் தொந்தரவும் தீரும். இடது கண் என்றால் உன் இன்ஸ்ட்ரக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு இடது தோளிலேயே இரு.