ரெட் வெல்வெட் கேக் வெந்ததும் பழுப்பாகிறது: மோரா, வினிகரா, கோகோவா?

மைதிலி_அடுமனை:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் கேக் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். ரெட் வெல்வெட் மாவு கலக்கும்போது பார்க்க அழகான சிவப்பாக இருக்கிறது. வெந்து வெளியே வந்ததும் செங்கல் பொடியைப் போல் பழுப்பாகிவிடுகிறது. செய்முறையில் சொன்னபடியே மோரும் வினிகரும் சேர்க்கிறேன். கலரைக் கூட்டிப் போட்டும் பயனில்லை. எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை:
சகோதரி, இவ்வளவு தகவலை வைத்துக்கொண்டு யாராலும் சரியாகச் சொல்ல இயலாது. எந்த நிறத்தைப் பயன்படுத்துகிறீர்கள், நீர்மமா ஜெல்லா? கோகோ எவ்வளவு? சமையல் சோடா எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்தோல் மட்டும் பழுப்பாகிறதா, வெட்டினால் நடுப்பகுதியும் பழுப்பாக இருக்கிறதா? இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

மூத்த_பேக்கர்:
இக்கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிப்பது நல்ல பழக்கம். உண்மையான ரெட் வெல்வெட்டுக்குப் புட்டிச் சாயமே தேவையில்லை. கோகோவில் இயல்பாக உள்ள சிவப்பு நிறமி, மோர், வினிகர் ஆகியவற்றின் புளிப்புப் பட்டவுடன் வெளிப்படும்; அதுதான் அந்தக் கேக்கின் அடிப்படை. வினிகரை இரட்டிப்பாக்குங்கள், சிவப்பு தானாக வரும். அடிப்படை தெரியாமல் சாயத்தைக் கொட்டுவதால்தான் இப்படி ஆகிறது.

காய்கறி_கேக்:
எனக்கும் இதே தொல்லை. குழந்தைகளுக்குச் சாயம் வேண்டாமென்று பீட்ரூட்டை வேகவைத்து அரைத்துச் சேர்த்தேன். மாவு கருஞ்சிவப்பாக இருந்தது. வெந்தபின் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறமாகிவிட்டது. உங்களுடையதும் பீட்ரூட்தானா?

மைதிலி_அடுமனை:
விவரங்களைத் தருகிறேன். மைதா 250 கிராம், கோகோ நான்கு மேசைக்கரண்டி (சாக்லேட் சுவை நன்றாக வரட்டும் என்று), சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, மோர் 240 மில்லி, வினிகர் ஒரு தேக்கரண்டி, முட்டை இரண்டு. நிறம் நீர்மம், புட்டியில் பொன்சோ 4ஆர் என்று இருக்கிறது. ஓடிஜி அவனில் 180 டிகிரி, மேல்கம்பி கீழ்க்கம்பி இரண்டும் எரியும். உள்ளேயும் பழுப்புதான், மேல்தோல் இன்னும் கருப்பு. மோர் என்றால் நம் வீட்டு மோர்தான், ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர்.

பாலேடு:
மேல்தோல் கருத்தால் கவலை வேண்டாம். கிரீம் சீஸ் பூச்சைச் சற்றுத் தடிமனாகப் பூசிவிட்டால் ஒன்றும் தெரியாது. பூச்சில் வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்கட்டும், சீஸ் குளிர்ந்தே இருக்கட்டும், அப்போதுதான் ஒழுகாது.

அடுப்பங்கரை:
பாலேடு அம்மா, அவர் கேட்பது உள்ளே இருக்கும் நிறத்தைப் பற்றி. வெட்டியதும் தெரிந்துவிடும் அல்லவா?

கரண்டிக்கணக்கு:
மைதிலி, நீங்கள் இறுதியாக எழுதிய வரியில்தான் விடை இருக்கிறது. அமெரிக்கச் செய்முறையில் வரும் மோர், பாலையே உறையவைத்துச் செய்யும் கெட்டியான, புளிப்பான நீர்மம். நம்முடைய மோரோ தயிரில் தண்ணீர் விட்டுக் கடைந்தது. அளவு ஒன்றாக இருந்தாலும் புளிப்பு நாலில் ஒரு பங்குதான்.

கணக்காகச் சொன்னால் விளங்கும். உங்கள் 240 மில்லி மோரில் உள்ள தயிர் 60 மில்லி. சாதாரணப் புளிப்புள்ள தயிரானால் அதிலுள்ள லாக்டிக் அமிலம் ஏறத்தாழ அரை கிராம். அது செலவழிக்கக்கூடிய சோடாவும் அரை கிராம் அளவுதான். ஒரு தேக்கரண்டி வினிகரில் அசிட்டிக் அமிலம் கால் கிராம் இருக்கும். அது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு சோடாவைச் சமன் செய்யும். நீங்கள் போட்டதோ ஒரு தேக்கரண்டி சோடா, ஐந்து கிராமை ஒட்டியது. ஆகவே நான்கு கிராமுக்கு மேல் சோடா தனக்கு இணையான புளிப்பில்லாமல் மாவில் எஞ்சுகிறது. சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக மாறி, முன்னைவிடக் காரத்தன்மையைக் கூட்டுகிறது.

அந்தக் காரம் மூன்று வழியில் சிவப்பைக் கெடுக்கிறது. கோகோவைக் கருக்கச் செய்கிறது. மாவிலும் பாலிலும் உள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் வினையை விரைவுபடுத்துகிறது. நீங்கள் பயன்படுத்தும் பொன்சோ 4ஆர் காரத்தில் தானே பழுப்பு ஓடும் சாயம். இதனால்தான் கலரைக் கூட்டியும் பயனில்லாமல் போயிற்று. கேக்கைத் தின்றால் நாக்கில் சவர்க்காரம் பட்டது போன்ற சுவை இருக்கிறதா, பெரிய பெரிய ஓட்டைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சோடா மிஞ்சியது உறுதி.

மைதிலி_அடுமனை:
ஆம் ஐயா, அந்தச் சவர்க்காரச் சுவை இருக்கிறது. வினிகரின் வாடை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் வினிகரைக் கூட்டவா?

மூத்த_பேக்கர்:
நான் முதலிலேயே வினிகரைக் கூட்டச் சொன்னேன். கரண்டிக்கணக்கு சுற்றிவளைத்து அதையேதான் சொல்கிறார்.

கரண்டிக்கணக்கு:
முடிவு ஓரளவு ஒன்றுதான். காரணம் வேறு, அதனால் தீர்வும் வேறு. எஞ்சியிருக்கும் நான்கு கிராம் சோடாவை வினிகரால் மட்டும் சமன் செய்ய வேண்டுமானால் நான்கு மேசைக்கரண்டி வினிகர் தேவைப்படும். மாவு நீர்த்துப்போகும், பொங்கும் வேகமும் மிஞ்சும். மாறாக, தயிர் 180 கிராமுடன் தண்ணீர் 60 மில்லி கலந்து மோராக்குங்கள், சோடாவை அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள், வினிகரை ஒரு மேசைக்கரண்டியாக உயர்த்துங்கள். அரைத் தேக்கரண்டி சோடாவுக்குத் தேவையானதைவிடப் புளிப்பு சற்றே மிஞ்சியிருக்கும். அந்த மிச்சம்தான் நிறத்தைக் காக்கும். எழும்புவது போதாது என்று தோன்றினால் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்க்கலாம், அதில் அமிலமும் கூடவே இருக்கிறது.

கோகோவைப் பற்றியும் ஒன்று. கோகோ டப்பாவின் உட்பொருள் பட்டியலில் அமிலத்தன்மைச் சீராக்கி என்று 500 அல்லது 501 என்ற எண் இருந்தால் அது காரம் ஏற்றிய கோகோ. கருமையாகவும் மென்மையான சுவையுடனும் இருக்கும்; சாக்லேட் கேக்குக்கு நல்லது, இதற்கு ஆகாது. எதுவாயினும் நான்கு மேசைக்கரண்டி மிக அதிகம். இரண்டுக்கு மேல் போனால் எந்தச் சிவப்பும் கோகோவின் பழுப்பிடம் தோற்றுவிடும்.

மூத்த_பேக்கர்:
இயற்கைக் கோகோ புளிப்பில் சிவக்கும் என்பதை மறுக்கிறீர்களா? ஆந்தோசயனின் என்ற நிறமி கோகோவில் இருப்பது அனைவரும் அறிந்தது.

கரண்டிக்கணக்கு:
பச்சைக் கொட்டையில் இருப்பது உண்மை. ஆனால் கோகோ கொட்டையை நொதிக்கவைத்து, காயவைத்து, வறுக்கிறார்கள். அதற்குள் அந்த நிறமியில் பெரும்பங்கு அழிந்துவிடுகிறது. எஞ்சியதைப் புளிப்பு தூண்டினால் செம்மை கலந்த பழுப்பு கிடைக்கும். பழைய வெல்வெட் கேக்குகளில் மக்கள் கண்ட நிறம் அதுவே என்றால் ஒப்புக்கொள்கிறேன். இன்று கடையில் பார்க்கும் குங்கும நிறம் அதிலிருந்து வராது. நம்பவில்லையென்றால் ஒரு கரண்டி இயற்கைக் கோகோவைச் சிறிது வினிகரில் குழைத்துப் பாருங்கள்.

டெக்சஸ்_வாசி:
நான் இருக்கும் டெக்சஸில் இந்தக் கேக்கின் சிவப்புக்கும் புட்டிச் சாயத்துக்கும் உள்ள தொடர்பு நன்கு தெரிந்த ஒன்று. ஆடம்ஸ் எக்ஸ்ட்ராக்ட் என்ற இங்குள்ள நிறுவனம், தன் சிவப்பு நிறப் புட்டிகளை விற்பதற்காகவே இந்தக் கேக்கின் செய்முறையை அட்டையில் அச்சிட்டுப் பரப்பியது. பழைய அமெரிக்கச் செய்முறைகளில் இரண்டு அவுன்ஸ், அதாவது 60 மில்லி அளவுக்கு நீர்ம நிறம் ஊற்றச் சொல்வார்கள். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியும் இந்தக் கேக்குக்கு உரிமை கொண்டாடுகிறது. அந்தச் சச்சரவு இன்னும் தீரவில்லை.

மூத்த_பேக்கர்:
ஒரு நிறுவனம் விளம்பரம் செய்ததால் மூலம் மாறிவிடாது. சாயம் பின்னால் வந்தது என்பதே என் நிலைப்பாடு.

டெக்சஸ்_வாசி:
ஐயா, வெல்வெட் என்று பெயர்பெற்ற கேக்குகள் சாயத்துக்கு முன்பே இருந்தன என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மைதிலியின் வாடிக்கையாளர் கேட்பது சாயத்துக்குப் பின் வந்த கேக்கைத்தானே.

காய்கறி_கேக்:
என் பீட்ரூட்டுக்கு யாரும் வழி சொல்லவில்லையே. புளிப்புச் சேர்த்தால் அதுவும் நிற்குமா?

கரண்டிக்கணக்கு:
ஓரளவுக்கு நிற்கும், அக்கா. பீட்ரூட் நிறமியான பெட்டானின் மிதமான புளிப்பில் சிவப்பாக நிற்கும். காரத்தில் மஞ்சளாக உடையும். சூட்டிலும் தொடர்ந்து உடைந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஒருமுறை வேகவைத்து, மறுபடி அவனிலும் வேகவைக்கிறீர்கள். பச்சையாகத் துருவிப் பிழிந்த சாற்றை எடுத்து, எலுமிச்சைச் சாறு விட்டு, சோடாவை அறவே நீக்கி, பேக்கிங் பவுடர் மட்டும் போட்டு, சிறு கிண்ணங்களில் விரைவாக வேகவைத்தால் நடுவில் இளஞ்சிவப்பு மிஞ்சலாம். கருஞ்சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுப்பங்கரை:
ஒரு சிறு எச்சரிக்கை. புளிப்பைக் கூட்டினால் எல்லாச் சிவப்பும் பிழைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில புட்டிகளில் எரித்ரோசின் இருக்கும். அது புளிப்பு அதிகமானால் கரையாமல் திரிந்து மங்கிவிடும். புட்டியின் பின்புறத்தைப் படித்த பிறகு வினிகரில் கை வையுங்கள். மைதிலியின் பொன்சோவுக்கு அந்தப் பயம் இல்லை.

மேல்தோலுக்கு வேறு வழி. கேக்கின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. மேற்பரப்பு மட்டுமே காய்ந்து அதற்கு மேல் சூடேறிக் கருக்கிறது. அவனை 160 டிகிரிக்கு இறக்கி, கேக் எழும்பி நின்றதும் மேல்கம்பியை அணைத்துவிடுங்கள்.

மைதிலி_அடுமனை:
அனைவருக்கும் நன்றி. கெட்டி மோர், அரைத் தேக்கரண்டி சோடா, ஒரு மேசைக்கரண்டி வினிகர், கோகோ இரண்டு மேசைக்கரண்டி என்று மாற்றிச் சிறிய அளவில் செய்தேன். உள்ளே சிவப்பு நிற்கிறது, சவர்க்காரச் சுவை போய்விட்டது. கடைக் கேக்கின் அளவுக்குப் பளிச்சென்று இல்லை, சற்று அடர்த்தியாகவும் இருக்கிறது. கோகோ டப்பாவில் 501 என்று இருக்கிறது. வேறு கோகோ இங்கே உடனே கிடைக்கவில்லை.

கரண்டிக்கணக்கு:
அடர்த்திக்கு அந்த அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரைச் சேர்த்துப் பாருங்கள். அதே கோகோதான் இருக்கிறதென்றால் இரண்டு மேசைக்கரண்டியை ஒன்றாக்குங்கள். நீர்மத்துக்குப் பதில் ஜெல் நிறத்தை மோரிலேயே கரைத்து ஊற்றினால் குறைந்த அளவே போதும், மாவும் நீர்க்காது. நிறம் கூடியது சோடாவைக் குறைத்ததாலா கோகோவைக் குறைத்ததாலா என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலாது. ஆர்டர் முடிந்த பின் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் தெரியும்.

மூத்த_பேக்கர்:
இயற்கைக் கோகோ கிடைத்ததும் சாயமில்லாமல் ஒரு முறை செய்து, வெட்டிய துண்டின் படத்தை இங்கே இடுங்கள். அப்போது பேசுவோம்.