மாக்கப் படத்துக்குத் தமிழ்ச் சொல்: அச்சுக் குவளை, டி-ஷர்ட் விவரப் பக்கங்களுக்காக

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆர்டர் வந்த பிறகு அச்சிட்டு அனுப்பும் டி-ஷர்ட், குவளைகளுக்கு விவரப் பக்கங்களைத் தமிழில் எழுதிவருகிறேன். மாக்கப் என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். வெறும் சட்டையின் படத்தின்மேல் வடிவமைப்பைக் கணினியில் ஏற்றி, அச்சிட்டு முடித்ததுபோலக் காட்டுகிறோமே, அந்தப் படம். வாங்குபவர் அதைக் கேமராவில் பிடித்த படம் என்றே நம்புகிறார். அப்படியல்ல என்று சொல்லைப் பார்த்ததுமே தெரிய வேண்டும்; ஏமாற்றுப் படம் என்ற தொனியும் வரக்கூடாது.

இதைக் கேட்க வைத்தது ஒரு கறுப்புச் சட்டை. டம்ளர், அதிலிருந்து எழும் ஆவி, கீழே "ஒரு வாய் காப்பி, ஒன்பது ஊர்க் கதை" என்ற வரி. படத்தில் ஆவி மெல்ல மெல்லக் கரைந்து கறுப்பில் மறைந்தது. வாங்கியவர் கைக்குப் போன சட்டையில் ஆவி இருந்த இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் திட்டு. திருப்பி அனுப்பிவிட்டார். அச்சிட்டவர்களோ, கோப்பில் இருந்ததைத்தான் அச்சிட்டோம் என்கிறார்கள்.

முருகேசன் எழுதியது:

"மாதிரிப் படம்" என்று போடுங்கள் அம்மா, எல்லோருக்கும் புரியும். அடியில் "திரையில் தெரியும் நிறமும் அச்சில் வரும் நிறமும் சற்று மாறுபடலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் புகாருக்கு இடமிருக்காது. பழைய சொல் இருக்கும்போது புதிதாக ஆக்குவானேன்?

சுந்தரம் எழுதியது:

முருகேசன் ஐயா சொன்ன சொல்லில் எங்களுக்கு ஒரு தொல்லை இருக்கிறது. திருப்பூரில் மாதிரி என்றால் தைத்து, அச்சிட்டு, கையில் கொடுக்கும் பீஸ். வாங்குபவர் மாதிரி கேட்டால் பார்சல் அனுப்புகிறோம், படம் அனுப்புவதில்லை. அச்சிடவே அச்சிடாத ஒன்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

அந்த எச்சரிக்கை வரியும் இந்தச் சட்டைக்குப் பொருந்தாது. நிறம் மாறுவது உண்மைதான். திரையில் பளீரென்று எரியும் பச்சையும் நீலமும் அச்சு மையில் மங்கித்தான் வரும், அதற்கு அந்த வரி சரி. ஆனால் மலர்விழிக்கு நடந்தது நிற வேறுபாடு இல்லை. அந்தப் படம் காட்டியதை அந்த இயந்திரத்தால் அச்சிடவே முடியாது.

ஆவியின் ஓரத்தில் வெள்ளை 20 விழுக்காடு அழுத்தத்தில் இருக்கிறது என்று வையுங்கள். கணினி அந்த 20ஐக் கீழே இருக்கும் கறுப்போடு கலந்து அடர் சாம்பல் நிறமாகக் காட்டிவிடும், கண்ணுக்கு அழகாக இருக்கும். துணியில் நேராக அச்சிடும் டி.டி.ஜி. இயந்திரத்துக்கு அப்படிக் கலக்கத் தெரியாது. கறுப்புத் துணியில் நிறம் எடுபட வேண்டுமானால் முதலில் ஒயிட் பேஸ் என்ற வெள்ளை மை அடிப்பூச்சைப் போட வேண்டும். படத்தில் லேசாகவாவது ஏதாவது இருக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் அந்த வெள்ளை விழும். ஆவி வெள்ளைத் திட்டாக வந்தது அதனால்தான். பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டும் டி.டி.எஃப். என்றால் வேறு விதமாகக் கெடும். மை மெலிதாக இருக்கும் இடத்தில் பசைத்தூள் சரியாகப் பிடிக்காது, துவைக்கத் துவைக்க ஓரம் உதிரும்.

அச்சுக்கு அனுப்பும் முன் இதைக் கண்டுபிடிக்கலாம். வடிவமைப்பு இருக்கும் லேயரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பிரதி எடுங்கள். 20 விழுக்காடாக இருந்த இடம் 90க்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்போது திரையில் ஆவி கட்டியாகத் தெரிகிறதே, ஒயிட் பேஸ் எங்கெல்லாம் பாயப்போகிறது என்பதற்கு அதுதான் கணக்கு. சரிசெய்ய ஆவியை ஹாஃப்டோன் புள்ளிகளாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முழு வெள்ளை, நடுவில் வெறும் துணி. தள்ளி நின்று பார்த்தால் கரைவதுபோல் இருக்கும். புள்ளியை ரொம்பப் பொடியாக்கினால் டி.டி.எஃப்.பில் மறுபடி அதே உதிரல் வரும், அதனால் எந்த முறையில் அச்சாகிறது என்று கேட்டுவிட்டுப் புள்ளியின் அளவை முடிவு செய்யுங்கள்.

அந்தப் புள்ளி போட்ட கோப்பைத்தான் சட்டைப் படத்திலும் ஏற்ற வேண்டும். அழகான பழைய கோப்பை விளம்பரத்துக்கும், புள்ளிக் கோப்பை அச்சுக்கும் என்று இரண்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

பாஸ்கர் எழுதியது:

சொல்லுக்கு வருகிறேன். "முன்தோற்றம்" வேண்டாம். மென்பொருள்களில் அச்சிடும் முன் பார்க்கும் பக்கத்துக்கு அது பழகிவிட்டது. "போலியுரு" என்று எழுதியும் பார்த்திருக்கிறேன். கடைப் பக்கத்தில் போலி என்ற எழுத்து வந்தாலே வாங்குபவர் ஓடிவிடுவார். என் பரிந்துரை "பொருத்துப்படம்". வடிவமைப்பைப் பொருளின் படத்தில் பொருத்தியது என்று செய்முறையைச் சொல்கிறது. உண்மை என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. பொத்தானிலும் அடங்கும்.

யாழினி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்னுடையது கோப்பைப் பிரச்சினை. பிறந்தநாள் வாழ்த்து ஒன்றை ஒரே வரியாக, கோப்பையைச் சுற்றி வாறமாதிரிப் போட்டேன். படத்தில முழு வரியும் நேராகத் தெரியுது. வந்த கோப்பையில் பெயரை வாசிக்கிறதுக்குக் கோப்பையைத் திருப்ப வேண்டிக் கிடக்கு. இது எழுத்துருப் பிழையோ? தமிழ் எழுத்து அகலம் கூட என்றபடியால் இப்படி வருமோ? எந்த எழுத்துரு நல்லது என்று சொல்லுவீங்களோ?

சுந்தரம் எழுதியது:

தங்கச்சி, எழுத்துருவை மாற்றினாலும் இது தீராது. வழக்கமான 11 அவுன்ஸ் குவளையின் குறுக்களவு 8 செ.மீ. அளவு, சுற்றளவு 25 செ.மீ. அளவு. கைப்பிடிக்கு இடம் விட்டு ஏறத்தாழ 20 செ.மீ. அகலத்துக்கு அச்சிடலாம். ஆனால் ஒரு பக்கமாகப் பார்க்கும்போது வளைந்து மறையாமல் வசதியாகப் படிக்க முடிவது 8 செ.மீ. தான். 20 செ.மீ. நீள வரியை நேராகக் காட்டும் படம், குவளையின் வளைவை விரித்துத் தட்டையாக்கித்தான் காட்டுகிறது. பல மாக்கப் கருவிகளில் இப்படித்தான் வருகிறது.

பெயரை 8 செ.மீ.க்குள் அடக்கி இரண்டு மூன்று வரியாக மடியுங்கள். எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வலக்கையில் பிடித்துக் குடிப்பவருக்குத் தெரிவது அச்சுக் கோப்பின் வலது ஓரப் பகுதி. எதிரே இருப்பவருக்குத் தெரிவது இடது ஓரப் பகுதி. நடுவில் போட்டால் கைப்பிடிக்கு நேர் எதிர்ப்புறம் போய்விடும், இருவருக்குமே பாதிதான் தெரியும். பக்கத்தில் ஒரே படம் போடாமல் கைப்பிடி வலப்பக்கம், கைப்பிடி இடப்பக்கம் என்று இரண்டு படம் போடுங்கள்.

இன்னொன்று. இந்தக் குவளைகளில் பெரும்பாலும் சூட்டில் சாயத்தைப் பூச்சில் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சுதான். அதில் வெள்ளை மை கிடையாது. வெள்ளையாகத் தெரிவது குவளையின் பூச்சு. சட்டைக்கு வரைந்த வெள்ளை ஆவியை அப்படியே வெள்ளைக் குவளைக்குக் கொண்டுபோனால் ஆவியே இருக்காது. மலர்விழி குவளையிலும் அதே படத்தைப் போடப்போகிறார் என்றால் ஆவியைச் சாம்பலிலோ பழுப்பிலோ வேறாக வரையச் சொல்லுங்கள். அங்கே நிறம் கரைவது பிரச்சினையில்லை, ஒயிட் பேஸ் இல்லாததால் மெல்லிய சாயல்கள் நன்றாகவே வரும்.

முருகேசன் எழுதியது:

சுந்தரம் சொன்னதைப் படித்தபின் மாதிரியை விட்டுவிடுகிறேன். இங்கே இரண்டு வகைப் படம் இருப்பது இப்போதுதான் தெளிவாகிறது. வடிவமைப்பை வெறுமனே ஏற்றியது ஒன்று. ஒயிட் பேஸ், புள்ளி, வளைவு எல்லாம் கணக்கில் வைத்து, அச்சில் வருவதையே காட்டுவது இன்னொன்று. முதலாவது பொருத்துப்படமாக இருக்கட்டும். இரண்டாவதற்கு நம் அச்சகங்களிலேயே சொல் இருக்கிறது. புத்தகம் அச்சேறும் முன் தாள் எடுத்துப் பார்ப்பதை மெய்ப்பு என்கிறோம், மெய்ப்புத் திருத்துகிறோம். அதை நீட்டி "மெய்ப்புப்படம்" என்றால் என்ன?

பாஸ்கர் எழுதியது:

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தயங்குகிறேன். மெய்ப்பு என்பது அச்சுத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். சட்டை வாங்க வருபவர் மெய் என்ற பகுதியை மட்டும் பிடித்துக்கொள்வார். நாளை எவரும் எந்தப் படத்துக்கும் மெய்ப்புப்படம் என்று பெயரிட்டுவிடலாம். பொருத்துப்படத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

சுந்தரம் எழுதியது:

அதற்கு ஒரு கட்டுப்பாடு வைக்கலாம். அதே துணி, அதே நிறம், அதே அச்சுமுறையில் ஒரு பீஸ் எடுத்து, பகல் வெளிச்சத்தில் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திய படத்துக்கு மட்டும் மெய்ப்புப்படம் என்ற பெயர். பீஸ் எடுக்காதவரை அது பொருத்துப்படம்தான். புத்தக மெய்ப்பும் தாளில் எடுத்துப் பார்த்தால்தானே மெய்ப்பு. சிவப்புச் சட்டைக்குப் பார்த்ததைக் கறுப்புக்கும் சேர்த்துச் சொல்லக் கூடாது. துணி நிறம் மாறினால் திரும்பப் பார்க்க வேண்டும்.

மலர்விழி எழுதியது:

சுந்தரம் அண்ணா, முருகேசன் ஐயா, இருவருக்கும் நன்றி. ஆவியைப் புள்ளிகளாக மாற்றி ஒரு சட்டை அச்சிட்டு வரவழைத்துவிட்டேன். அதை வைத்துத் திருத்திய படத்துக்கு எழுதிய பக்கம் இது:

> கறுப்புப் பருத்திச் சட்டை. டம்ளரும் எழுத்தும் வெள்ளை, பழுப்பு நிறங்களில். ஆவி சிறு வெள்ளைப் புள்ளிகளால் ஆனது. கிட்டத்தில் பார்த்தால் புள்ளி தெரியும், இரண்டடி தள்ளிப் பார்த்தால் கரைவதுபோல் தெரியும். அச்சின் அகலம் 25 செ.மீ. முதல் படம் மெய்ப்புப்படம்: அச்சிட்ட சட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தியது. இரண்டாவது, அச்சிட்ட சட்டையின் புகைப்படம். மற்ற நிறச் சட்டைகளுக்கு உள்ளவை பொருத்துப்படங்கள்; அவை இன்னும் அச்சிட்டுப் பார்க்கப்படாதவை.

பாஸ்கர் சொன்ன தயக்கத்துக்காகத்தான் "அச்சிட்ட சட்டையோடு ஒப்பிட்டு" என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே விளக்கம் வைத்தேன். பொத்தானில் அந்த இடம் கிடைக்காது என்பது தெரியும்.

பாஸ்கர் எழுதியது:

பக்கம் நன்றாக இருக்கிறது. பொத்தானில் "படம்" என்றே விட்டுவிட்டு, பெயரைப் படத்தின் அடியில் மட்டும் போடலாம். மெய்ப்புப்படம் என்ற சொல்லுக்கு நான் இன்னும் முழுதாக வரவில்லை. நம் சொற்பட்டியலில் "பரிந்துரை" என்று மட்டும் குறியுங்கள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அச்சின் அகலம் 25 செ.மீ. என்று போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான இடங்களில் எல்லா அளவுச் சட்டைக்கும் அதே 25தானே? விரித்து வைத்தால் 50 செ.மீ. அகலமிருக்கும் எம் அளவுச் சட்டையில் அது சரிபாதி. 60 செ.மீ. இருக்கும் டபுள் எக்ஸ்.எல்.லில் பாதிக்கும் கீழே. எம் அளவில் எடுத்த படம் டபுள் எக்ஸ்.எல். வாங்குபவருக்கும் மெய்ப்புப்படமா?

சுந்தரம் எழுதியது:

நிறமும் ஆவியும் அவருக்கும் மெய்ப்புதான், அளவு மட்டும் இல்லை. எங்களிடம் சிலர் பெரிய அளவுகளுக்கு அச்சையும் பெரிதாக்கச் சொல்வார்கள், அது தனிக் கோப்பு, தனி விலை. இல்லாவிட்டால் டபுள் எக்ஸ்.எல். சட்டையில் இன்னொரு படம் எடுத்துப் போட வேண்டும். மலர்விழி எது செய்கிறார் என்று எழுதட்டும், பட்டியலில் எப்படிக் குறிப்பது என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.