முந்தாமை நிபந்தனை: சொல் சரியா வருமா?

வீணைப்பையன், ஈசூன்:
பாலிடெக்னிக் புராஜெக்ட்டுக்கு வீணைக் கம்பி அதிர்வ கம்ப்யூட்டர்ல ஓட்டுறேன். கம்பி 0.8 மீட்டர், அலை வேகம் நொடிக்கு 200 மீட்டர், நொடிக்கு 44100 தடவை கணக்கு, கம்பிய 200 துண்டா பிரிச்சேன். வழுவழுன்னு சைன் வடிவத்துலதான் விட்டேன், ஆனா நாப்பது தடவைக்குள்ள ரம்பப்பல் மாதிரி மேலயும் கீழயும் துருத்திக்கிட்டு வந்து கடைசில `nan`.

```python
r = (c*dt/dx)**2
u2[1:-1] = 2*u1[1:-1] - u0[1:-1] + r*(u1[2:] - 2*u1[1:-1] + u1[:-2])
```

ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவுல உள்ள நேரம், அதாவது `dt`, எவ்வளவு இருக்கலாம்னு சொல்லி இதைத் தடுக்குற நிபந்தனைக்கு ரிப்போர்ட்ல "காலடி வரம்பு"ன்னு போடலாமா?

தமிழாசிரியை, தெம்பனிஸ்:
தம்பி, காலடின்னா கால் வைக்கிற இடம். காலத்தோட அடின்னா காலவடின்னுதான் புணரும். நேரடின்னு வச்சா டிவி ஒளிபரப்பு ஆயிடும். காலப்படி பரவாயில்ல.

தேக்கா அங்கிள்:
கம்பிய ரொம்ப இறுக்கிட்டீங்க. பிரடைய கொஞ்சம் தளர்த்துங்க, என் வீணையிலயும் இப்படித்தான் கம்பி அறுந்துச்சு.

ஜூரோங் அண்ணன்:
அங்கிள், அவரு கேக்குறது கணக்குல, ஆனா பாருங்க, தளர்த்தினா வேகம் 176க்கு இறங்கி புரோகிராம் ஓடிடும், என்ன, 125 ஹெர்ட்ஸ் சுருதி 110க்கு வந்துடும் 😄

தம்பி, ஒரு காலப்படியில அலை 4.5 மில்லிமீட்டர் போகுது, உங்க துண்டு 4 மில்லிமீட்டர். சூத்திரம் பக்கத்து புள்ளிய மட்டும்தான் விசாரிக்குது, அதுக்கும் அப்பால இருந்து வர அலை அதுக்கு எப்படித் தெரியும்? `c*dt/dx` 1ஐத் தாண்டக்கூடாது, உங்களுக்கு 1.13 ஆகுது, அந்த ரம்பப்பல் வடிவம் தடவைக்கு 2.8 மடங்கு பெருகும், ரவுண்டிங் பிழையே விதையா போதும். 176 துண்டாக்குங்க, 0.998 வரும். கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி 1928ல சொன்னது இதுதான். அலை இந்தத் துண்டுகளோட வலைய முந்தக்கூடாது, அதனால "முந்தாமை நிபந்தனை"ன்னு வைக்கலாம்னு எனக்குத் தோணுது.

கட்டட இன்ஜினியர், பொங்கோல்:
சொல் அழகு. ஆனா எதுக்கு ஓரத்துல நிக்கணும், `dt`ய பத்துல ஒண்ணாக்கிட்டா துல்லியமும் கூடுமே?

ஜூரோங் அண்ணன்:
வெடிக்காது, அது வரைக்கும் சரி. துல்லியம் கூடாது, இந்த முறையில 1லதான் பிழையே இல்ல. அதே 176 துண்ட வச்சுக்கிட்டு `dt`ய மட்டும் குறைச்சா மேல் சுரங்கள் இறங்கிப்போகும். 125ஓட 44 மடங்கா 5500 ஹெர்ட்ஸ்ல இருக்கவேண்டிய மேற்சுரம் கிட்டத்தட்ட 5360ல கேக்கும். காதுக்கே தெரியும்.

தமிழாசிரியை, தெம்பனிஸ்:
அப்போ முந்தலைன்னா எப்பவும் பத்திரம்னு எழுதலாமா?

ஜூரோங் அண்ணன்:
அங்கதான் சிக்கல் அக்கா. கம்பியோட விறைப்பையும் சேர்த்து இதே மாதிரி நேரா கணக்கு போட்டா, துண்டு ரொம்பப் பொடியாகும்போது `dt` துண்டோட வர்க்கத்துக்கு ஏத்தபடி குறையணும், அலை முந்துற கதை மட்டும் பத்தாது. முந்தாமை அவசியம், ஆனா அதுவே போதும்னு சொல்ல முடியாது. பொதுச் சொல்லுக்கு "நிலைப்பு வரம்பு"தான் பொருந்துது, ஆனா அதைப் படிச்சா எது நிலைக்குதுன்னே தெரியல.

வீணைப்பையன், ஈசூன்:
176 வச்சேன், ஓடுது! என் கம்பில விறைப்பு சேர்க்கல, அதனால ரிப்போர்ட்ல முந்தாமைன்னே போடுறேன். காலப்படிதான் இடிக்குது, எங்க ஆயா படிச்சுட்டு கால்படி அரிசியான்னு கேட்டாங்க.