பிறந்த தேதியிலிருந்து ஓய்வு பெறும் தேதி, மீதி நாள்: எக்செல் ஃபார்முலா எங்கே தவறுகிறது?

பிரிவு எழுத்தர்

தோழர்களே, எங்கள் அலுவலகப் பணியாளர்கள் எல்லோருக்கும் ஓய்வு பெறும் தேதியும் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதும் ஒரே ஷீட்டில் வேண்டும் என்று கண்காணிப்பாளர் கேட்டிருக்கிறார். மாநில அரசு அலுவலகம், ஓய்வு வயது 60. B-யில் பிறந்த தேதி, C-யில் ஓய்வு வயது, D-யில் ஓய்வு தேதி, E-யில் மீதி நாள் என்று வைத்திருக்கிறேன். D2-வில் போட்டது இது:

```
=DATE(YEAR(B2)+C2,MONTH(B2),DAY(B2))
```

E2-வில் `=D2-TODAY()`.

மூன்று சிக்கல். முதலாவது, 01-06-1967-ல் பிறந்தவருக்கு 01-06-2027 என்று வருகிறது. ஆனால் பணிப்பதிவேட்டில் 31-05-2027 என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது, அதே வரிசையில் மீதி நாளுக்குப் பதில் 29-05-1901 என்று ஏதோ தேதி காட்டுகிறது (இன்று 02-01-2026). மூன்றாவது, சில வரிசைகளில் வெறும் `#VALUE!`. ஓய்வூதிய முன்மொழிவு அனுப்ப இந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள், அதனால் ஒரு நாள்கூட பிசகக் கூடாது.

ஷீட் பிரியன்

1901 கோளாறு சின்ன விஷயம். உங்கள் விடை சரியாகத்தான் வந்திருக்கிறது, 515 நாள். எக்செல் தேதிகளை 01-01-1900-ஐ 1 என்று வைத்து எண்ணுகிறது. E பத்தி தேதி ஃபார்மட்டில் இருப்பதால் 515 என்ற எண்ணை 29-05-1901 என்று எழுதிக் காட்டுகிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட்டை General என்று மாற்றுங்கள், போய்விடும்.

அரசு ஊழியர்கள் பிறந்த நாளில் ஓய்வு பெறுவதில்லை, அந்த மாதக் கடைசியில்தான். அதற்கு EOMONTH இருக்கிறது. D2-வில் இதைப் போடுங்கள்:

```
=EOMONTH(B2,C2*12)
```

15-06-1967 என்றால் 30-06-2027 வரும். வேலை முடிந்தது.

பிரிவு எழுத்தர்

நன்றி அண்ணா. E பத்தி சரியாகிவிட்டது. 15-ம் தேதிக்காரருக்கும் சரி. ஆனால் முதல் தேதிக்காரருக்கு இப்போது 30-06-2027 என்று வருகிறது. முன்பு ஒரு நாள் கூடுதல், இப்போது ஒரு மாதம் கூடுதல்!

ஷீட் பிரியன்

அப்படியா? ஜூன் 1-ல் பிறந்தால் ஜூன் 30-தானே வர வேண்டும். பதிவேட்டில் யாரோ தப்பாக எழுதியிருப்பார்கள் போல. சந்தேகமென்றால் `DAY(B2)=1` என்றால் ஒரு மாதம் குறை என்று IF போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

தம்பி, பதிவேட்டில் இருப்பதுதான் சரி. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுவார். மற்றவர்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில். மத்திய அரசில் அடிப்படை விதி 56-ம் இப்படித்தான் சொல்கிறது.

இதை விதிவிலக்கு என்று நினைத்து IF போட வேண்டியதில்லை. 01-06-1967-ல் பிறந்தவருக்கு அந்த ஜூன் 1-ம் தேதியே வாழ்க்கையின் முதல் நாள். அங்கிருந்து எண்ணினால் 60 ஆண்டு நிறைவது 31-05-2027 இரவோடு. ஜூன் 1 விடியும்போது அவர் 61-ம் ஆண்டில் இருக்கிறார். பிறந்த நாளுக்கு முந்தைய நாளிலேயே வயது நிறைவடைகிறது என்பதுதான் கணக்கு. பிரபு தயாள் செஸ்மா வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அவர் பிறந்தது 02-01-1956. 01-01-1984 அன்று 28 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது தேர்வு விதி. பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்று வாதாடினார். ஜனவரி 1-லேயே 28 நிறைந்துவிட்டது என்று தீர்ப்பு வந்தது.

ஆகவே பிறந்த தேதியில் ஒன்றைக் கழித்துவிட்டு, அந்த நாள் விழும் மாதத்தின் கடைசியைப் பாருங்கள்:

```
=EOMONTH(B2-1,C2*12)
```

ஜூன் 1 என்றால் மே 31 ஆகிவிடும், விடை 31-05-2027. ஜூன் 2 என்றால் ஜூன் 1-க்குப் போகும், விடை 30-06-2027. ஒரு நாள் வித்தியாசத்தில் பிறந்த இருவருக்கு ஒரு மாதச் சம்பளம் வித்தியாசம், அது அவரவர் யோகம்.

பிப்ரவரி 29-காரர்களுக்கும் இது பிசகாது. 29-02-1968-ல் பிறந்தவருக்கு 60 வயதில் 29-02-2028 வரும், அது நெட்டாண்டு. பழைய வயதான 58-ஐப் போட்டுப் பார்த்தாலும் 28-02-2026 என்றே வரும். நீங்கள் முதலில் போட்ட DATE ஃபார்முலா அங்கே 01-03-2026 என்று அடுத்த மாதத்துக்குத் தாவிவிடும். அதன் மேல் மாதக் கடைசி என்று போட்டால் மார்ச் 31 ஆகிவிடும்.

வயதைத் தனிப் பத்தியில் வைத்தது நல்ல காரியம். தமிழ்நாட்டில் 58-ஆக இருந்தது 2020-ல் 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. அப்போது ஃபார்முலாவுக்குள்ளேயே 58 என்று எழுதி வைத்திருந்த ஷீட்டுகளையெல்லாம் இரண்டு தடவை திருத்த வேண்டியிருந்தது.

ஷீட் பிரியன்

அந்த `B2-1` அழகு ஐயா. IF-ஐ விட்டுவிடலாம்.

ஜூன் ஒன்று

எனக்கு இந்த விஷயம் சொந்தக் கதை. நான் பிறந்தது ஜூலையில். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே ஜூன் 1 என்று போட்டுவிட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதே தேதிதான். நிஜப் பிறந்த நாளைப் போட்டால் எனக்கு ஜூலை 31 வரை வேலை இருக்கும். ஜாதகம் இருக்கிறது. ஷீட்டில் நிஜத் தேதியைப் போட்டுக் கணக்கெடுக்கலாமா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

வீட்டுக் கணக்குக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகக் கணக்குக்குப் பணிப்பதிவேட்டில் உள்ள தேதி மட்டும்தான். திருத்தம் கேட்பதானால் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது ஜாதகத்தோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நடந்ததில்லை.

தனியார் ஆலை

எங்கள் கம்பெனியில் 58-தான், அதுவும் பிறந்த நாளன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறார்கள். மாதக் கடைசி எல்லாம் கிடையாது. அப்படியானால் இந்த ஃபார்முலா தப்புதானே?

ஷீட் பிரியன்

கேள்வி மாநில அரசு அலுவலகத்தைப் பற்றி, அண்ணா. தனியாரில் ஓய்வு நாள் எது என்பது உங்கள் நியமன ஆணையிலோ நிலையாணையிலோ இருக்கும். பிறந்த நாளே என்றால் `=EDATE(B2,C2*12)` போதும். அதற்கு முந்தைய நாள்தான் கடைசி வேலை நாள் என்று இருந்தால் பின்னால் `-1` சேருங்கள்.

பிரிவு எழுத்தர்

ஐயா சொன்ன ஃபார்முலா பதிவேட்டோடு பொருந்துகிறது. முதல் தேதிக்காரருக்கு 31-05-2027, மீதி 514 நாள். 15-ம் தேதிக்காரருக்கு 30-06-2027, 544 நாள். ஆனால் `#VALUE!` வரிசைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் பிறந்த தேதி 15.06.1967 என்பது போலப் புள்ளி வைத்து இருக்கிறது.

ஷீட் பிரியன்

அதுதான் காரணம். அது எக்செலுக்குத் தேதி அல்ல, வெறும் எழுத்து. பத்தியின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். நீங்களாக ஒதுக்கம் எதுவும் மாற்றவில்லை என்றால் நிஜத் தேதிகள் வலது ஓரத்தில் ஒட்டியிருக்கும், எழுத்தாக இருப்பவை இடது ஓரத்தில் நிற்கும். புள்ளி வைத்த வரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து Data > Text to Columns போய், மூன்றாவது திரையில் Date என்பதைத் தொட்டு DMY என்று தேர்ந்தெடுத்து Finish கொடுங்கள். எல்லாம் தேதியாகிவிடும்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

அதைவிட ஆபத்தானது பிழையே காட்டாத வரிசைகள். கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்து, யாராவது 05/06/1967 என்று அடித்திருந்தால், அதை மே 6 என்று எடுத்துக்கொண்டு சமர்த்தாக 31-05-2027 என்று விடை கொடுக்கும். உண்மையில் அவர் ஜூன் 30-ல் போக வேண்டியவர். அதே ஷீட்டில் 13/06/1967 என்று அடித்தவருடையது மட்டும் எழுத்தாக நின்றுவிடும், ஏனென்றால் 13-வது மாதம் கிடையாது. ஆகவே சில தேதிகள் இடதுபக்கம் நிற்கின்றன, அவை எல்லாவற்றிலும் நாள் 12-க்கு மேல் என்றால், மற்றவை மாறிக் கிடக்கின்றன என்று சந்தேகப்படுங்கள். B பத்தியை `dd-mmm-yyyy` ஃபார்மட்டுக்கு மாற்றி, மாதப் பெயரோடு அச்செடுத்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இதற்கு ஃபார்முலா கிடையாது.

பிரிவு எழுத்தர்

இரண்டு பேருடையது அப்படித்தான் மாறியிருந்தது, திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. 1967 ஜனவரியில் பிறந்தவருக்கு 31-01-2027 வருகிறது, அது ஞாயிற்றுக்கிழமை. முந்தைய வெள்ளிக்கிழமைக்கு மாற்ற வேண்டுமா? அப்புறம், மீதியை ஆண்டு, மாதம், நாள் என்று காட்டச் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

தேதியை மாற்ற வேண்டாம். விடுமுறை நாளாக இருந்தாலும் ஓய்வு அந்த நாளில்தான்.

ஷீட் பிரியன்

இரண்டாவதற்கு இது:

```
=DATEDIF(TODAY(),D2,"y")&" ஆண்டு "&DATEDIF(TODAY(),D2,"ym")&" மாதம் "&DATEDIF(TODAY(),D2,"md")&" நாள்"
```

ஓய்வு தேதி தாண்டியவர்களுக்கு `#NUM!` வரும். அதை மறைக்க `IF(D2<TODAY(),"ஓய்வு",...)` என்று சுற்றிவிடுங்கள். "md"-ஐ மட்டும் முழுதாக நம்ப வேண்டாம், அது சில தேதிகளில் தவறான எண் தரலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது.

டீச்சர் மகன்

அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை, பிறந்தது 10-11-1967. ஃபார்முலா 30-11-2027 என்கிறது. ஆனால் கல்வியாண்டு முடியும்வரை இருப்பார் என்று அம்மா சொல்கிறார். எதைப் போடுவது?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

ஓய்வு தேதி 30-11-2027-தான். அதன் பிறகு கல்வியாண்டின் மீதிக்குக் கொடுப்பது மறுநியமனம், அது தனி ஆணை. இன்னொரு பத்தி போட்டு அந்தத் தேதியைக் கையால் எழுதுங்கள், D-யில் கை வைக்காதீர்கள்.

பிரிவு எழுத்தர்

DATEDIF-ஐச் சோதித்துப் பார்த்தேன். 31-03-2027-ஐ இன்றைய தேதியாக வைத்தால், ஜூன் 30-ல் ஓய்வு பெறுபவருக்கு 2 மாதம் 30 நாள் என்கிறது. எங்கள் கண்காணிப்பாளர் அதை முழு மூன்று மாதம் என்கிறார்.

ஷீட் பிரியன்

மார்ச் 31-லிருந்து இரண்டு மாதம் மே 31, அங்கிருந்து 30 நாள். ஃபார்முலா கணக்கில் தப்பில்லை.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

ஏப்ரல், மே, ஜூன், மூன்று மாதச் சம்பளப் பட்டியல். நாங்கள் அப்படித்தான் எண்ணுவோம். அவரைச் சமாளிக்க E-யில் இருக்கும் நாள் கணக்கை மட்டும் கொடுத்துவிடுங்கள், 91 என்பதில் சண்டை வராது.