30 கவுண்ட் இறால்: தலையோடு எண்ணுவதா, தலை நீக்கியா?

வணக்கம். இறால் வியாபாரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நேற்று ஒரு கடையில் '30 கவுண்ட்' வனாமி இறால், தலை நீக்கியது, ஒரு கிலோ வாங்கினேன். கிலோவுக்கு 30 இருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் எண்ணினால் 47!

முதலில் ஏமாற்றிவிட்டார்களோ என்றுதான் தோன்றியது. அப்புறம் கணக்குப் போட்டேன். ஒன்று சுமார் 21 கிராம். வனாமியில் தலையே எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தலையோடு 33 கிராம் இருந்த இறால், தலை போனால் 21 கிராம்தான் நிற்கும். அதாவது 30 என்பது குளத்தங்கரையில் தலையோடு எண்ணிய கணக்கு. தலை நீக்கியதை விற்கும்போதும் அதே எண்ணைச் சொல்வது உங்கள் ஊரிலும் வழக்கமா? பேரம் பேசும்போது எப்படிக் கேட்பீர்கள்?

இன்னொன்று. சில இறாலின் வால் பச்சையிலேயே லேசாகச் சிவந்திருந்தது. சமைத்தால் சிவப்பது ஏன் என்று தெரியும்: ஓட்டில் உள்ள அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியை ஒரு புரதம் பிடித்து வைத்து, சாம்பல் நீலமாகக் காட்டுகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே வருகிறது. ஆனால் இவை வேகவில்லை; சதை கண்ணாடி மாதிரிதான் இருந்தது, வெளுக்கவில்லை. வாடையும் இல்லை. ஐஸ் குறைந்து வெயில் பட்டதாலா, இல்லை அந்த இறாலின் இயல்பே அப்படியா? பார்த்தவுடன் எப்படிப் பிரித்தறிவீர்கள்?