கேரியர்ல லக்கேஜ் ஏத்தினதும் மைலேஜ் 17லருந்து 13க்கு விழுந்துடுச்சு, வண்டில ஏதாச்சும் கோளாறா?

ஓரம்போ (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு சந்தேகம். என் வண்டி பெட்ரோல் செடான், 42 லிட்டர் டேங்க், மேனுவல் கியர். ஹைவேல நானும் வீட்ல அவங்களும் மட்டும் போனா 100ல ஓட்டியும் 17, 17.5 அசால்ட்டா குடுக்கும். இந்த தடவ குடும்பத்தோட அஞ்சு பேர், டிக்கி ஃபுல்லு, மேல கேரியர்ல நாலு பெட்டி ஒரு மூட்டை வச்சு தார்ப்பாய் போத்தி கயிறு கட்டி கிளம்பினோம். ஃபுல் டேங்க் போட்டதும் மீட்டர்ல இன்னும் 700 கிமீ போகும்னு காட்டுச்சு, நானும் நிம்மதியா வழில எங்கயும் போட வேணாம்னு இருந்தேன். 300 கிமீ ஓடினப்ப பாத்தா மிச்சம் 235னு காட்டுது. அதாவது ஓடினது 300, குறைஞ்சது 465! ஆவரேஜ் 13னு வருது. நடுவுல பங்க் கிடைச்சதால தப்பிச்சோம். பங்க்ல கம்மியா அடிச்சுட்டானா, டேங்க் எங்கயாச்சும் லீக்கா, இல்ல இன்ஜெக்டர் போயிடுச்சா? திரும்பி வரதுக்கு முன்னாடி மெக்கானிக்க பாக்கணுமான்னு சொல்லுங்க. செக் இன்ஜின் லைட் எதுவும் எரியல.

சைலன்சர்

ப்ரோ இதுல என்ன சந்தேகம், வெயிட்டு தான் காரணம். அஞ்சு பேரு, பெட்டி, மூட்டை, எல்லாம் சேத்தா எவ்ளோ வரும்னு யோசிங்க. வெயிட் ஏற ஏற மைலேஜ் அடி வாங்கும். தேவையில்லாத சாமான இறக்கிட்டு ஸ்டெப்னி, ஜாக்கியக்கூட வீட்ல வச்சுட்டு போங்க, பழையபடி 17 வரும்.

பழைய டீசல்

சைலன்சர் தம்பி, ஸ்டெப்னிய வீட்ல வச்சுட்டு லாங் போக சொல்லாதீங்க, யாராச்சும் நிஜமா செஞ்சிடப் போறாங்க. வெயிட் காரணம்ங்கறது பாதி தான் சரி, அதுவும் சின்ன பாதி. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்கே ஏறக்குறைய 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் தான். ஓரம்போ வண்டில வழக்கத்த விட 200 கிலோ ஏறியிருக்குன்னு வச்சாக்கூட நாலஞ்சு சதவீதத்துல முடிஞ்சிடும், 17.5 வந்து 16.7 ஆகும். 13 ஆகாது.

மிச்சத்த தின்னது காத்து. 100ல போறப்ப வண்டிய புடிச்சு இழுக்கறதுல பெரும்பங்கு காத்து தான், டயர் இல்ல. உங்க சைஸ் செடானுக்கு தோராயமா கணக்கு போட்டா மேல ஒண்ணும் இல்லாம 100ல காத்து இழுக்கறது ஒரு 325 நியூட்டன், டயர் உருள்றதுக்கு ஒரு 125, மொத்தம் 450. இப்ப 200 கிலோ ஏத்துங்க, டயர் பக்கம் வெறும் 20 கூடும். ஆனா மேல தார்ப்பாய் மூட்டை வச்சீங்கன்னா காத்து பக்கம் 35 சதவீதம் கூடுறது சாதாரணம், அதாவது இன்னொரு 110, 115. மொத்தம் 585 கிட்ட வந்துடுச்சு. 450க்கு 17.5 குடுத்த வண்டி 585க்கு எவ்ளோ குடுக்கும்? 13.5 கிட்ட. உங்க மீட்டர் காட்டினது 13. வண்டி மேல தப்பு சொல்ல முடியாது.

இதுல ஒரு திருத்தமும் சொல்லிடறேன். இன்ஜின் கொஞ்சம் அழுத்தி வேல செய்யறப்ப பெட்ரோல இன்னும் நல்லா பயன்படுத்தும், அதனால இழுவை 30 சதவீதம் ஏறினா பெட்ரோல் செலவு அதவிட கொஞ்சம் கம்மியா தான் ஏறணும். அப்படி பாத்தா 14 கிட்ட வந்திருக்கணும். அந்த ஒரு கிமீ எங்க போச்சுன்னு தான் தேடணும். எதிர்க்காத்து இருந்துச்சா? டயர்ல காத்து எவ்ளோ வச்சீங்க?

ஓரம்போ

சார் இவ்ளோ விளக்கமா சொன்னதுக்கு நன்றி, மனசு கொஞ்சம் லேசாச்சு. டயர் காத்து எப்பவும் வைக்கற மாதிரி 32 தான், லோடுக்குன்னு தனியா ஏத்தல. எதிர்க்காத்து இருந்துச்சான்னு கவனிக்கல, ஆனா தார்ப்பாய் பட பட படன்னு அடிச்சுகிட்டே வந்துச்சு. அது சரி, மீட்டர் ஏன் 700னு பொய் சொல்லுச்சு?

பழைய டீசல்

பொய் சொல்லல, அதுக்கு தெரிஞ்சத சொல்லுச்சு. அந்த நம்பர் இதுவரைக்கும் நீங்க ஓட்டின ஆவரேஜ வச்சு போடற கணக்கு, மேல கேரியர் ஏறினது அதுக்கு எப்படி தெரியும்? போன வாரம் ரெண்டு பேரா போனப்ப வந்த 17.5ஐ மிச்ச பெட்ரோலோட பெருக்கி காட்டியிருக்கும். ஓட ஓட புது ஆவரேஜ் உள்ள ஏறும், அப்ப தான் கிமீ சர்ருன்னு சரியும். லோடோட கிளம்பறப்ப அத பாக்கவே பாக்காதீங்க. ட்ரிப் மீட்டரையும் ஆவரேஜையும் ஜீரோ பண்ணிட்டு ஒரே வேகத்துல ஒரு 50, 60 கிமீ ஓட்டுங்க, அப்ப காட்டற ஆவரேஜ எடுங்க. 42ல அஞ்சு லிட்டர ஒதுக்கிட்டு 37ஆல பெருக்குங்க. 13னா 480. அது தான் உங்க நிஜமான தூரம், அதுக்குள்ள பங்க் பாத்து வச்சுக்கணும்.

லீக் பயம் வேணாம். லீக் இருந்தா நின்ன வண்டிலயும் முள்ளு இறங்கும், பெட்ரோல் வாடை வரும். பங்க்ல குறைச்சு அடிச்சிருந்தா ஃபுல் போட்டதும் முள்ளு ஃபுல்லுக்கு வந்திருக்காது. உங்களுக்கு ஓடறப்ப மட்டும் குறையுது. ஸ்பார்க் ப்ளக்கையும் இன்ஜெக்டரையும் இப்ப தொடாதீங்க.

டோர் திறந்தா பக்கத்து தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஃபுல் லோடுக்கு தனி நம்பர் போட்டிருப்பான், பின் டயருக்கு பெரும்பாலும் ஜாஸ்தியாவே இருக்கும். டயர் ஆறி இருக்கப்ப அத வையுங்க. ஓட்டிட்டு வந்து சூட்டுல பாத்தா நம்பர் ஏறி காட்டும், நம்பாதீங்க.

மின்கார் பயணி

என் கேஸும் இதே தான், என்னுது எலெக்ட்ரிக். மேல மூடின பெட்டி வச்சேன், நல்ல ஷேப்பா தான் இருக்கும், அப்பவும் ஹைவேல சார்ஜ் இறங்கற வேகத்த பாத்து பயந்துட்டேன். பேட்டரி வீக் ஆயிடுச்சோன்னு சர்வீஸ்ல போய் நின்னேன், பேட்டரி ஹெல்த் நல்லா தான் இருக்குன்னாங்க. சிட்டிக்குள்ள அதே பெட்டியோட ஓட்டினா வித்தியாசமே தெரியல. அப்ப பெட்ரோல் வண்டிய விட எலெக்ட்ரிக்குக்கு தான் கேரியர் ஜாஸ்தி பாதிப்பா? ஓரம்போ, நீங்களும் பேட்டரி செக் பண்ணுங்களேன்.

சைலன்சர்

அவரு பெட்ரோல் வண்டிங்க 😄

பழைய டீசல்

கேள்வி நல்ல கேள்வி தான். காத்து இழுக்கறது ரெண்டுக்கும் ஒண்ணே தான். பெட்ரோல் இன்ஜின் ஏற்கனவே முக்கால்வாசி சூடா வீணடிக்குது, லோடு ஏறினா அதோட திறன் கொஞ்சம் கூடி அடிய மறைச்சுடும். மோட்டாருக்கு அந்த மாதிரி மறைக்க ஒண்ணும் இல்ல, இழுவை 25 சதவீதம் ஏறினா செலவும் கிட்டத்தட்ட அப்படியே ஏறும். சிட்டில தெரியாம போனதும் இதனால தான், காத்து இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 40ல அது 100ல இருக்கறதுல ஆறுல ஒரு பங்கு தான்.

மலையேறி

வெயிட்ட ரொம்ப லேசா சொல்லிட்டீங்க சார். மலை ஏறறப்ப பாருங்க, செகண்ட் கியர்ல முக்கி முக்கி ஏறும், மைலேஜ் 7, 8க்கு போயிடும்.

பழைய டீசல்

ஏறறப்ப 7 காட்டறது முழு வண்டியோட எடைக்கு, ஏத்தின 200 கிலோவுக்கு மட்டும் இல்ல. அந்த 200 கிலோவ ஒரு கிமீ உயரம் தூக்க கூடுதலா ஆகறது கால் லிட்டர் கிட்ட தான். இறங்கறப்ப கியர்ல விட்டு வந்தா அதுலயும் கொஞ்சம் திரும்ப கிடைக்கும், பிரேக்க அழுத்திகிட்டே வந்தா எல்லாம் பிரேக் சூட்டுல போயிடும். ஆனா பிரேக்குக்கும் வளைவுக்கும் வெயிட் முக்கியம், அதுல நீங்க சொல்றத ஒத்துக்கறேன். ஓரம்போ, மேல எத்தன கிலோ வச்சீங்க? மேனுவல்ல கூரைக்குன்னு ஒரு லிமிட் இருக்கும், கார்களுக்கு பெரும்பாலும் 50லருந்து 75 கிலோக்குள்ள, கேரியரோட சொந்த எடையும் அதுலயே சேத்தி.

ஓரம்போ

ஐயோ, 80 இருக்கும் சார், அரிசி மூட்டை மாதிரி இருந்த அந்த ஒண்ணே 30 கிலோ. திரும்பி வரப்ப என்ன பண்ணட்டும்?

பழைய டீசல்

கனமானத டிக்கில அடில போடுங்க, மேல துணிமணி, படுக்கை மாதிரி லேசானது மட்டும். பெட்டிய நிக்க வைக்காம படுக்க வையுங்க, உயரம் எவ்ளோ குறையுதோ அவ்ளோ நல்லது. தார்ப்பாய் முன்னாடி நுனி காத்த அள்ளாம இறுக்கி மடிச்சு கட்டுங்க, அது படபடன்னு அடிச்சா பெட்ரோலும் போகும், கயிறும் தேஞ்சு அறும்.

அப்புறம் வேகம். மேல லோடோட 80ல போனா மொத்த இழுவை 425 தான் வரும், அதாவது கேரியர் இல்லாம 100ல போறத விடக் கம்மி. 480 கிமீக்கு ஒண்ணேகால் மணி நேரம் கூட ஆகும், அது உங்க முடிவு. எதிர்க்காத்து அடிச்சா இன்னும் குறைங்க, 90ல போறப்ப 20ல எதிர்க்காத்து வந்தா வண்டிக்கு அது 110 மாதிரி தான்.

ஓரம்போ

திரும்பி வந்தாச்சு. சொன்ன மாதிரி காத்து ஸ்டிக்கர் பாத்து பின்னாடி 36 வச்சேன், மூட்டைய டிக்கிக்கு மாத்தி பெட்டிய படுக்க வச்சு கட்டினேன், 80, 85ஐ தாண்டல. வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, பின்னாடி லாரிக்காரங்க தான் ஹார்ன் அடிச்சாங்க. டேங்க் டு டேங்க் போட்டு பாத்தா 16.2! அப்ப எல்லாம் வேகம் தானா, இல்ல பெட்டிய படுக்க வச்சதா?

சைலன்சர்

டயர் காத்து ப்ரோ, நான் அப்பவே சொன்னேன்.

மலையேறி

எங்க சொன்னீங்க?

பழைய டீசல்

நாலையும் ஒரே நேரத்துல மாத்திட்டீங்க, காத்து எந்த பக்கம் அடிச்சுதுன்னும் தெரியல, பிரிச்சு சொல்ல முடியாது. வேகம் தான் பெரும்பங்குன்னு நான் நினைக்கறேன், டயருக்கு கொஞ்சம் குடுக்கலாம். பெட்டி படுத்ததுக்கு எவ்ளோன்னு அளந்து பாக்காம சொல்ல மாட்டேன். டேங்க் டு டேங்க்லயும் ஆட்டோ கட் ஆகற இடம் மாறினா ஒரு லிட்டர் முன்ன பின்ன வரும். லக்கேஜ இறக்கினதும் கேரியரையும் கழட்டிடுங்க, காலியா நின்னாலும் அது காத்த புடிக்கும்.

ஓரம்போ

கேரியர கழட்டிட்டேன், ஆனா கீழ இருக்கற ரெண்டு குறுக்கு கம்பி போல்ட் துரு புடிச்சு நகரவே மாட்டேங்குது. அது இருந்தா எவ்ளோ போகும்?

பழைய டீசல்

சதுரக் கம்பியா, விமான றெக்கை மாதிரி சப்பையா இருக்கா? சதுரம்னா 100ல தெரியற அளவுக்கு போகும், விசில் சத்தமும் வரும். துரு எண்ணெய் அடிச்சு ராத்திரி விட்டு காலைல ஸ்பேனர் போடுங்க.